வேலை விவரக் குறிப்பில் மாற்றுத்திறனாளிகளைத் தேவையில்லாமல் விலக்காமல் எழுதுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

கிடங்கு ஒன்றுக்கு இருப்புக் கணக்கு உதவியாளர் தேவை. பழைய கோப்பிலிருந்து எடுத்து வெளியிடப்படும் விளம்பரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"நல்ல உடல் ஆரோக்கியம் உள்ளவராக இருக்க வேண்டும். 25 கிலோ வரை தூக்கவும், நீண்ட நேரம் நிற்கவும் முடிய வேண்டும். சிறந்த பேச்சுத்திறன் அவசியம். இருசக்கர வாகன ஓட்டுநர் உரிமம் கட்டாயம். ஒரே நேரத்தில் பல வேலைகளைச் சமாளிக்கும் சுறுசுறுப்பு தேவை."

இதில் ஆறு நிபந்தனைகள் இருக்கின்றன. வேலை என்ன என்பது மட்டும் எங்குமே இல்லை. வருகிற சரக்கைச் சரிபார்த்து, பதிவேட்டில் ஏற்றி, கணக்கையும் கையிருப்பையும் பொருந்த வைப்பதுதான் இந்த வேலை. ஆனால் விளம்பரம் ஓர் உடம்பை வர்ணிக்கிறது. சக்கர நாற்காலியில் இயங்கும் ஒருவர், காது கேளாத ஒருவர், வலிப்பு நோயால் ஓட்டுநர் உரிமம் பெற முடியாத ஒருவர் ஆகிய மூவரும் இதைப் படித்த உடனே விலகிவிடுவார்கள். அவர்களில் ஒருவர் கணக்கில் கைதேர்ந்தவராக இருந்தால்கூட நிறுவனத்துக்கு அது தெரியவராது, ஏனென்றால் வராத விண்ணப்பத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த ஒரே பணியை எடுத்துக்கொண்டு, குறிப்பை முதலிலிருந்து எப்படி எழுதுவது என்று பார்ப்போம். இங்கே வரும் அளவுகள் இந்த மாதிரிக் கிடங்குக்கானவை. உங்கள் இடத்தில் நீங்களே அளந்துகொள்ள வேண்டும்.

முதலில் வேலையைப் பாருங்கள்

பழைய குறிப்பைத் திருத்த உட்காராதீர்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு, இப்போது அந்த வேலையைச் செய்கிறவரிடம் போங்கள். பத்து வேலை நாட்களுக்கு ஒரு எளிய பதிவு போதும். என்ன செய்தார், எத்தனை முறை, எவ்வளவு நேரம், அதை அன்று செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது கேள்விதான் முக்கியம். அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

மேலாளரிடம் மட்டும் கேட்டு எழுதினால் பதிவு பிசகும். மேலாளர் மனதில் இருப்பது வேலை எப்படி நடக்க வேண்டும் என்பது. வேலை செய்கிறவருக்குத் தெரிந்தது அது உண்மையில் எப்படி நடக்கிறது என்பது. இரண்டும் முரண்படும் இடத்தில் நேரில் நின்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நம் கிடங்கில் பதிவு இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம். சரக்கை விலைப்பட்டியலோடு ஒப்பிட்டு, ஸ்கேன் செய்து, கணினியில் ஏற்றுவது தினமும் நான்கு மணி நேரம். ஏதாவது ஒரு பகுதியின் கையிருப்பை எண்ணிச் சரிபார்ப்பது தினமும் ஒரு மணி நேரம். சிறிய பெட்டிகளை ரேக்கில் அடுக்குவது ஒன்றரை மணி நேரம். குறைபாடு இருந்தால் சரக்கு அனுப்பியவருக்குத் தெரிவிப்பது அரை மணி நேரம். வாரத்துக்கு இரண்டு முறை வண்டியில் போய்த் தலைமை அலுவலகத்தில் கோப்பு கொடுப்பது.

25 கிலோ பெட்டி? இருக்கிறது. ஆனால் அதை இறக்குவது சுமை ஏற்றி இறக்கும் இரண்டு தொழிலாளர்கள், அதுவும் கைவண்டியில். இந்த உதவியாளர் கையால் தூக்கிய பெட்டிகளை எடைபோட்டால் அதிகபட்சம் 9 கிலோ. பழைய குறிப்பில் இருந்த 25 கிலோவை யாரும் அளந்து எழுதவில்லை. வேறொரு பணிக்கான குறிப்பிலிருந்து நகலாகி வந்தது அது. உடல் தேவை பற்றிய வரிகள் பெரும்பாலும் இப்படித்தான் கோப்பிலிருந்து கோப்புக்கு ஒட்டிக்கொண்டே வரும்.

எது அடிப்படைக் கடமை?

பதிவில் வந்த வேலைகளில் பணிக்கு இன்றியமையாத அடிப்படைக் கடமை எது, உதிரி வேலை எது என்று பிரிக்க ஒரு நல்ல அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், ஒரு கடமை அடிப்படையானதா என்று பார்க்க மூன்று காரணங்களைச் சொல்கின்றன. அந்தப் பணியிடம் இருப்பதே அந்தக் கடமைக்காகவா? அதைப் பகிர்ந்துகொள்ள வேறு ஆட்கள் குறைவா? அது தனித் தேர்ச்சி வேண்டிய வேலையாக இருந்து, அந்தத் தேர்ச்சிக்காகவே ஆளை எடுக்கிறோமா? ஏதாவது ஒன்றுக்கு உண்மையாகவே ஆம் என்றால் அது அடிப்படைக் கடமையாகலாம். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்தக் கேள்விகள் பயன்படும். உள்ளூர்ச் சட்டம் கூடுதலாக என்ன கேட்கிறது என்பதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை மட்டும் வைத்து முடிவு செய்தால் தவறிவிடும். எரியும் கட்டடத்திலிருந்து ஆளைத் தூக்கி வருவது தீயணைப்பு வீரரின் வேலை நேரத்தில் மிகச் சிறிய பங்கு. ஆனாலும் அது அடிப்படைக் கடமை, ஏனென்றால் அந்த நேரத்தில் அதைச் செய்ய ஆள் இல்லாவிட்டால் உயிர் போகும். மறுபக்கம், தினமும் தபால் எடுத்து வருவது இருபது நிமிடம் பிடித்தாலும் அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

நம் உதவியாளருக்கு வருவோம். சரக்கைச் சரிபார்ப்பது, பதிவது, எண்ணுவது, குறைபாட்டைத் தெரிவிப்பது ஆகிய நான்கும் ஐயத்துக்கு இடமில்லாமல் அடிப்படைக் கடமைகள். இவை இல்லாவிட்டால் இந்தப் பணியிடமே தேவையில்லை. கோப்பைக் கொண்டுபோய்க் கொடுப்பது உதிரி வேலை. யாரிடமும் கொடுத்தனுப்பலாம், பாதியை மின்னஞ்சலிலேயே முடிக்கலாம். அதோடு ஓட்டுநர் உரிமம் என்ற நிபந்தனையும் போய்விடுகிறது.

அடுக்குவதுதான் இழுபறி. பகல் நேரத்தில் கிடங்கில் ஐந்து பேர் இருக்கிறார்கள், அடுக்கும் வேலையை மாற்றிக்கொள்ள முடியும். அதற்கு ஈடாக இவர் அவர்களுடைய ஸ்கேன் வேலையில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். மாலை முறையில் ஒருவர் மட்டுமே இருக்கிறார். வந்த சரக்கு நடைபாதையில் கிடந்தால் அடுத்த லாரி உள்ளே வர முடியாது. ஆகவே பகல் முறையில் அடுக்குவது உதிரி வேலை, மாலை முறையில் அடிப்படைக் கடமை. பதவிப் பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டு குறிப்புகளாகத்தான் எழுத வேண்டும். ஒரே குறிப்பை இரண்டுக்கும் பயன்படுத்தினால், பகல் வேலைக்குப் பொருத்தமானவரை மாலை வேலையின் தேவை வெளியே நிறுத்திவிடும்.

பிரித்து முடித்த பிறகு ஒரு சோதனை. இப்போது அந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் இந்தக் கடமையைச் செய்கிறார்களா? இடுப்பு வலி என்று ஒருவருக்கு ஓராண்டாக அடுக்கும் வேலையிலிருந்து விலக்கு கொடுத்திருந்தும் கிடங்கு ஓடிக்கொண்டிருந்தால், அது அடிப்படைக் கடமை என்று புதியவரிடம் சொல்வது நிற்காது. அந்த அமெரிக்க விதிகளும் காகிதத்தில் உள்ளதோடு நிற்பதில்லை. அதே வேலையில் முன்பு இருந்தவர்கள் என்ன செய்தார்கள், அதற்கு எவ்வளவு நேரம் போனது, செய்யாவிட்டால் என்ன விளைவு என்பதையெல்லாம் சான்றாக எடுத்துக்கொள்கின்றன. எழுத்துக் குறிப்பும் ஒரு சான்றுதான், ஆனால் அது விளம்பரத்துக்கு முன்பே தயாராகியிருக்க வேண்டும்.

என்ன நடக்க வேண்டும் என்று எழுதுங்கள்

அடிப்படைக் கடமைகள் கிடைத்துவிட்டன. இனி வினைச்சொற்கள். மாற்றுத்திறனாளிகளை வெளியே தள்ளுவது பெரும்பாலும் கடமை அல்ல, அதை எழுதிய வினைச்சொல்தான்.

"சரக்கு அனுப்பியவர்களிடம் தொலைபேசியில் பேசி" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நடக்க வேண்டியது குறைபாட்டுத் தகவல் அன்றே அவர்களுக்குப் போய்ச் சேர்வது. "குறைபாடுகளை அன்றே சரக்கு அனுப்பியவருக்குத் தெரிவித்துப் பதில் பெறுதல்" என்று எழுதினால் தொலைபேசியும் பொருந்தும், மின்னஞ்சலும் பொருந்தும், வாட்ஸ்அப்பும் பொருந்தும். காது கேளாதவருக்குக் கதவு திறந்திருக்கிறது, தரத்தில் எதுவும் குறையவில்லை. உண்மையில் எழுத்தில் போகும் தகவலுக்கு ஆதாரமும் மிஞ்சுகிறது.

இதேபோல "கிடங்கு முழுவதும் நடந்து" என்பது "கிடங்கின் எல்லாப் பகுதிகளுக்கும் சென்று" என்றாகும். "நின்றுகொண்டே ஸ்கேன் செய்தல்" என்பதில் நின்றுகொண்டே என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. "கையால் பதிவேட்டில் எழுதுதல்" என்பது "பதிவேட்டில் ஏற்றுதல்" ஆகும். "விலைப்பட்டியலைக் கண்ணால் பார்த்து" என்பது "விலைப்பட்டியலோடு ஒப்பிட்டு" ஆகும்.

எல்லா இடத்திலும் இது பொருந்தாது. வண்டி ஓட்டுவதே வேலையாக இருந்தால் ஓட்டுநர் உரிமம் கேட்கத்தான் வேண்டும். முறையே கடமையாக இருக்கும் இடத்தில் முறையை மறைத்து எழுதினால் விண்ணப்பதாரருக்குத்தான் ஏமாற்றம். வேறு வழியில் அதே பலன் வந்தால் ஏற்றுக்கொள்வோமா என்று கேட்டுப் பாருங்கள். ஏற்றுக்கொள்வோம் என்றால் முறையை எடுத்துவிடுங்கள்.

அளவை எடுத்துவிட வேண்டியதில்லை. "நாளின் முடிவில் அன்று வந்த சரக்கு முழுவதும் பதிவாகியிருக்க வேண்டும்" என்பது நியாயமான எதிர்பார்ப்பு, மற்றவர்களிடமும் அதையே கேட்கிறீர்கள் என்றால். எல்லோரையும் உள்ளடக்கி எழுதுவது என்றால் தரத்தைத் தளர்த்துவது என்று சில மேலாளர்கள் பயப்படுவதுண்டு. ஆனால் அளவு தெளிவாக இருக்கும்போதுதான் முறையில் விட்டுக்கொடுக்க முடிகிறது.

உடல் தேவையை அளந்து எழுதுங்கள்

உடல் சார்ந்த தேவை உண்மையாகவே இருந்தால் மறைக்க வேண்டாம். ஆனால் "கனமான பொருட்கள்", "நீண்ட நேரம்" போன்ற சொற்கள் யாருக்கும் உதவாது. பெட்டியைத் தராசில் வையுங்கள். எந்த உயரத்திலிருந்து எந்த உயரத்துக்குப் போகிறது என்று நாடாவால் அளந்துகொள்ளுங்கள். ஒரு முறைவேளையில் எத்தனை தடவை, எவ்வளவு தூரம் என்று எண்ணுங்கள். கைவண்டி, படிமேடை, உயரம் மாற்றும் மேசை இருந்தால் அதையும் எழுதுங்கள்.

மாலை முறைக்கு அந்த வரி இப்படி வரும்: "முறைவேளைக்குச் சுமார் 40 பெட்டிகளை, ஒவ்வொன்றும் 3 முதல் 9 கிலோ வரை, கைவண்டியில் கொண்டுசென்று 1.8 மீட்டர் வரை உயரமுள்ள ரேக்குகளில் வைத்தல்." "25 கிலோ தூக்க வேண்டும்" என்ற வரியைப் பார்த்து விலகியிருக்கக்கூடிய பலர், இதைப் படித்து என்னால் முடியும் அல்லது கீழ்த்தட்டுகளை எனக்கு ஒதுக்கினால் முடியும் என்று முடிவெடுக்கலாம்.

வேலை நேரத்துக்கும் இதே அளவுகோல்தான். காலை 9 முதல் மாலை 6 வரை என்று பழக்கத்தில் எழுதிவிடுகிறோம். லாரிகள் வருவது 10 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் என்றால், அந்த நேரத்தில் இருப்பது அடிப்படை. மற்ற மணி நேரங்களை முன்பின் மாற்றலாம் என்றால் அதை எழுதுங்கள். வாரத்தில் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அந்த ஒரு வரி போதும், விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

இடத்தைப் பற்றிய உண்மைகளையும் சேருங்கள். வாசலில் சாய்தளம் இருக்கிறதா, கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழையுமா, இரைச்சல் எவ்வளவு, தூசி உண்டா. இல்லாததை இல்லை என்றே எழுதுங்கள். "மேல்தளத்துக்கு மின்தூக்கி இல்லை, இந்தப் பணிக்கு மேல்தளம் தேவைப்படாது" என்ற வாக்கியத்தை நம்பி ஒருவர் முடிவெடுக்க முடியும்.

மறைந்து நிற்கும் தடைகள்

சில சொற்கள் பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். "சிறந்த பேச்சுத்திறன்" என்பது திக்கிப் பேசுபவரையும் காது கேளாதவரையும் விலக்கும். இந்த வேலைக்கு வேண்டியது "குறைபாட்டைப் பிழையில்லாமல் விவரிக்கும் திறன்", அவ்வளவுதான். "எல்லோரோடும் கலகலப்பாகப் பழகுபவர்" என்பது ஆட்டிசம் உள்ள, எண்ணிக்கையில் பிசகே விடாத ஒருவரைத் தயங்க வைக்கும். "ஒரே நேரத்தில் பல வேலைகள்" என்று எழுதும் முன் அது எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள். லாரி வரும்போது எண்ணும் வேலையை நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்றால், அதையே எழுதுங்கள்: "எண்ணும் வேலை நடுவில் தடைபடலாம். விட்ட இடத்தைக் குறித்துவைத்துத் தொடர வேண்டும்."

"நல்ல உடல் ஆரோக்கியம்" என்பதை மாற்றி எழுதத் தேவையில்லை. நீக்கிவிடுங்கள். அது எந்தக் கடமையையும் குறிக்கவில்லை.

"மேலாளர் சொல்லும் பிற பணிகள்" என்ற கடைசி வரியும் கவனிக்க வேண்டியது. எல்லைக்குட்படாத அந்த வரியால், உதிரி வேலை எல்லாம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். "இதே தன்மையுள்ள பிற கணக்குப் பணிகள்" என்று வரம்பு வையுங்கள்.

இன்னின்ன குறைபாடு உள்ளவர்களுக்கு ஏற்ற வேலை என்று பட்டியல் போடுவதும், சட்டம் கேட்டாலொழிய, வேண்டாம். ஒரே பார்வைக் குறைபாடு உள்ள இருவர் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கடமையைத் தெளிவாகச் சொல்லுங்கள், பொருத்தத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

வசதி ஏற்பாடு பற்றிய பத்தி

2006ஆம் ஆண்டின் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை, 27ஆம் பிரிவில், பணியிடத்தில் நியாயமான வசதி ஏற்பாடு, அதாவது மாற்றுத்திறனாளி மற்றவர்களைப் போலப் பங்கேற்கத் தேவையான மாற்றமோ உதவியோ, செய்து தரப்படுவதை உறுதிசெய்யச் சொல்கிறது. குறிப்பில் அது ஒரு சம்பிரதாய வரியாக, "நாங்கள் சமவாய்ப்பு அளிக்கும் நிறுவனம்" என்று நின்றுவிடும். அதைப் படித்து யாருக்கும் என்ன கேட்கலாம் என்று தெரியாது.

அதற்குப் பதிலாக மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். எதையெல்லாம் கேட்கலாம், யாரிடம் கேட்பது, எத்தனை நாளில் பதில் வரும். உதாரணங்கள் இரண்டு மூன்று கொடுங்கள்: சைகைமொழி பெயர்ப்பாளர், தேர்வுக்குக் கூடுதல் நேரம், கேள்விகளை எழுத்தில் தருவது. தொடர்புக்குத் தொலைபேசி எண் மட்டும் கொடுத்தால் காது கேளாதவர் எப்படிக் கேட்பார்? மின்னஞ்சல் மட்டும் கொடுத்தால் எழுதச் சிரமப்படுபவருக்கு வழியில்லை. இரண்டும் வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் "உங்களுக்கு என்ன குறைபாடு?" என்று கேட்காதீர்கள். "இந்தக் கடமைகளை, வசதி ஏற்பாட்டோடோ இல்லாமலோ, செய்ய முடியுமா?" என்ற கேள்வி போதும்.

எழுதி முடித்த குறிப்பு

பகல் முறைக்கான குறிப்பு இப்போது இப்படி இருக்கும்:

> இருப்புக் கணக்கு உதவியாளர், பகல் முறை
>
> அடிப்படைக் கடமைகள்: வரும் சரக்கை விலைப்பட்டியலோடு ஒப்பிட்டு, அன்றே கணினியில் ஏற்றுதல். தினமும் ஒரு பகுதியின் கையிருப்பை எண்ணிப் பதிவோடு பொருத்துதல். குறைபாடுகளை அன்றே சரக்கு அனுப்பியவருக்குத் தெரிவித்துப் பதில் பெறுதல்.
>
> உதிரி வேலைகள் (மற்றவர்களோடு மாற்றிக்கொள்ளலாம்): 9 கிலோ வரை எடையுள்ள பெட்டிகளை ரேக்கில் அடுக்குதல். தலைமை அலுவலகத்துக்குக் கோப்பு அனுப்புதல்.
>
> தேவையான திறன்: எண்களைப் பிழையின்றிக் கையாளுதல். கணினியில் அட்டவணைகளைப் பயன்படுத்துதல்.
>
> நேரமும் இடமும்: மொத்தம் எட்டு மணி நேரம். 9.30 முதல் 1.30 வரை கிடங்கில் இருக்க வேண்டும், மற்ற நேரம் பேசி முடிவு செய்யலாம். தரைத்தளம், வாசலில் சாய்தளம் உண்டு. லாரி வரும் நேரத்தில் இரைச்சல் இருக்கும்.
>
> விண்ணப்பத்துக்கோ தேர்வுக்கோ ஏதேனும் வசதி தேவைப்பட்டால் (உதாரணம்: சைகைமொழி பெயர்ப்பாளர், கூடுதல் நேரம், கேள்விகள் எழுத்தில்) கீழ்க்கண்ட எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ தெரிவிக்கவும். மூன்று வேலை நாட்களில் பதில் தருவோம்.

வெளியிடும்போது

இவ்வளவு பார்த்து எழுதியதைப் படமாக மாற்றி வாட்ஸ்அப்பில் போட்டால், பார்வையற்றவருக்கு அது வெறும் படம். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் அதில் உள்ள எழுத்தைப் படிப்பது நிச்சயமில்லை. ஸ்கேன் செய்த பிடிஎஃப்பும் அப்படியே. தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் அதைப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே வாசிக்கும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து, உங்கள் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்துகளாக வந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே வெளியிடுங்கள். எழுத்தே நகலாகவில்லை என்றால் அது படம். படத்தோடு முழு விவரத்தையும் எழுத்தாகவும் சேர்த்து அனுப்புங்கள்.

கடைசியாக, குறிப்பில் கொடுத்த எண்ணுக்கு நீங்களே ஒரு முறை அழைத்துப் பாருங்கள், மின்னஞ்சலுக்கு ஒரு கேள்வி அனுப்புங்கள். வசதி ஏற்பாடு என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் தொலைபேசியை எடுத்தாலோ, மூன்று நாளில் பதில் வராவிட்டாலோ, அது சரியான பிறகு விளம்பரத்தை வெளியிடுங்கள்.